வீட்டில் விசேஷம்: வைஃபைக்கு ஒரு தனி வாசல்

வளைகாப்போ, நிச்சயதார்த்தமோ, கிரகப்பிரவேசமோ, வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் வந்தவர்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வைஃபை பாஸ்வேர்டு என்னங்க?" கேட்பவர் சம்பந்தி வீட்டு மாமாவாக இருப்பார், ஊரிலிருந்து வந்த சித்தியாக இருப்பார். இல்லையென்று சொல்ல முடியாது. சொன்ன பிறகு அரைமணி நேரத்தில் சிக்கல் ஆரம்பிக்கும். சிங்கப்பூரிலிருந்தோ கனடாவிலிருந்தோ வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கும் சொந்தங்களுக்குப் படம் நின்றுபோகும், பேச்சு வெட்டி வெட்டிக் கேட்கும். சடங்கு நடக்கிற முக்கியமான நேரத்தில் அவர்கள் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

"பிளானை மாத்தணும், இந்த ஸ்பீடு போதாது" என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் அதனால் தீராது. சிக்கல் எங்கே என்று தெரிந்துகொண்டால், இருக்கிற இணைப்பையே வைத்து, முந்தின நாள் மாலை ஒரு மணி நேரம் செலவழித்துச் சரிசெய்துவிடலாம்.

கையில் எடுக்காத போனும் வேலை செய்கிறது

முப்பது பேர் வைஃபையில் சேர்ந்தால் முப்பது பேரும் வீடியோ பார்க்கப் போவதில்லை. பாதிப்பேர் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் போன் சும்மா இருக்காது. கூகுள் போட்டோஸில் பேக்கப் போட்டிருப்பவர்களில் பலருக்கு அது வைஃபை கிடைத்தால் மட்டுமே நடக்கும்படி அமைந்திருக்கும். பிளே ஸ்டோரில் செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதும் வழக்கமாக வைஃபைக்காகவே காத்திருக்கும். வெளியூரிலிருந்து வந்தவர் இரண்டு நாள் பயணத்தில் எடுத்த படங்களும் வீடியோக்களும் போனில் சேர்ந்து கிடக்கும். உங்கள் வீட்டு வைஃபையைப் பிடித்த மறுநிமிடம் அத்தனையும் மேலே ஏற ஆரம்பிக்கும். போனுக்குச் சொந்தக்காரருக்கே அது தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு போனில் சராசரியாக 500 எம்.பி. பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது போனுக்கு 15,000 எம்.பி. இணைப்பின் வேகத்தை பிட் கணக்கில் சொல்வதால் இதை எட்டால் பெருக்க வேண்டும்: 1,20,000 மெகாபிட். 50 எம்.பி.பி.எஸ். அப்லோடு உள்ள இணைப்பில் இது முழுவதும் ஏற 2,400 வினாடி, அதாவது 40 நிமிடம் ஆகும். அந்த 40 நிமிடமும் அப்லோடு பாதை விளிம்புவரை நிரம்பியிருக்கும்.

இதோடு குடும்ப வாட்ஸ்அப் குரூப் சேர்ந்துகொள்ளும். வைஃபையில் இருக்கும்போது படம், வீடியோ எல்லாம் தானாக இறங்குவதுதான் வாட்ஸ்அப்பின் வழக்கமான அமைப்பு. நலங்கு வைப்பதை ஒருவர் எடுத்து 15 எம்.பி. வீடியோவாகக் குரூப்பில் போட்டால், அதே வீட்டில் உட்கார்ந்திருக்கும் முப்பது உறுப்பினர்களின் போனிலும் அது தனித்தனியாக இறங்கும். ஒரு வீடியோ 450 எம்.பி. ஆகிவிடும். அதையே இன்னும் நாலு பேர் எடுத்துப் போடுவார்கள்.

வேகம் இருக்கிறது, ஏன் படம் நிற்கிறது?

வீடியோ அழைப்புக்கு அதிக வேகம் தேவையில்லை. இருவர் பேசும் வீடியோ அழைப்புக்கு ஒன்றிரண்டு எம்.பி.பி.எஸ். போதும். தெளிவான 1080பி தரத்தில் நேரலை விட 5 அல்லது 6 எம்.பி.பி.எஸ். இருந்தால் நடந்துவிடும். அதற்கு வேண்டியது, அனுப்பிய தகவல் தாமதமில்லாமல் போய்ச் சேர்வது. பேச்சு ஒரு திசையில் போய்ச் சேர 150 மில்லிவினாடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை.

அப்லோடு பாதை நிரம்பும்போது இந்தத் தாமதம்தான் ஏறுகிறது. ரவுட்டர் தன்னிடம் வந்த தகவலை உடனே அனுப்ப முடியாவிட்டால் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கும். அந்த வரிசையில் 2 எம்.பி. சேர்ந்துவிட்டது என்றால், 50 எம்.பி.பி.எஸ். பாதையில் அது கரைய 320 மில்லிவினாடி ஆகும். அப்லோடு 10 எம்.பி.பி.எஸ். மட்டுமே உள்ள இணைப்பில் 1.6 வினாடி. உங்கள் நேரலையின் துண்டும் அந்த வரிசையின் கடைசியில்தான் போய் நிற்க வேண்டும். யாரோ ஒருவருடைய பழைய சுற்றுலாப் படங்கள் ஏறி முடியும்வரை அது காத்திருக்கும். ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 2010-இல் தன் வீட்டு இணைப்பிலேயே இந்தக் கோளாறைத் தேடிக் கண்டுபிடித்து அதற்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர் வைத்தார். பிளானை இரட்டிப்பாக்கினாலும், முப்பது போன்கள் சேர்ந்தால் அந்தக் கூடுதல் பாதையையும் நிரப்பிவிடும். வரிசை திரும்பவும் உருவாகும்.

இது கம்பியில் உண்டாகும் நெரிசல். காற்றில் இன்னொரு நெரிசல் உண்டு. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும்; கூட்டத்தில் ஒரே மைக்கைக் கைமாற்றிக்கொண்டு பேசுவது போலத்தான். ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் போன் 2.4 கிகாஹெர்ட்ஸில் 72 எம்.பி.பி.எஸ். வரை பேசும். மொட்டை மாடியில் இரண்டு சுவருக்கு அப்பால் நிற்பவருடைய போன் 6 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இறங்கிவிடும். அதே படத்தை அனுப்ப அது 12 மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும், அந்த நேரம் முழுக்க மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும். தூரத்தில் நிற்கும் நாலைந்து போன்கள் போதும், ஹாலில் இருப்பவர்களுக்கும் வைஃபை மந்தமாகிவிடும்.

எங்கே அடைக்கிறது என்று பார்க்கும் முறை

நெரிசல் கம்பியிலா காற்றிலா என்று ஒரு லேப்டாப்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அதை வைஃபையில் இணைத்து, விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டை இரண்டு சாளரங்களில் திறந்து, ஒன்றில் ஒரு வரியாக இவற்றை அடியுங்கள்:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது உங்கள் ரவுட்டரின் முகவரி. சில வீடுகளில் 192.168.0.1 என்றிருக்கும், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்க்கலாம். இரண்டாவது வெளியே இணையத்தில் உள்ள கூகுளின் சர்வர். ஒவ்வொரு வரியிலும் `time=` என்பதற்குப் பக்கத்தில் வரும் எண்தான் போய்த் திரும்ப ஆகும் நேரம். வீடு அமைதியாக இருக்கும்போது முதல் சாளரத்தில் ஐந்து மில்லிவினாடிக்கு உட்பட்டும், இரண்டாவதில் பத்து முதல் நாற்பதுக்குள்ளும் இருக்கும்.

இப்போது ஒரு போனிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை டிரைவில் ஏற்றிவிட்டு எண்களைக் கவனியுங்கள். முதல் சாளரம் அப்படியே இருக்க, இரண்டாவது மட்டும் 300, 500 என்று எகிறினால் அடைப்பு வெளியே போகும் கம்பியில். முதலாவதே 100, 200 என்று தாறுமாறாகப் போனால் அடைப்பு வீட்டுக் காற்றில். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதால் இந்தச் சோதனையைச் செய்யாமல் எதையும் மாற்ற வேண்டாம்.

கும்பகோணத்து வளைகாப்பு

கும்பகோணத்தில் அக்கா வீட்டில் நடந்த வளைகாப்பில் இதை எப்படிச் செய்தோம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். நெட்வொர்க் வேலை என் தொழில் என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. எழுபது பேர் வருவதாக இருந்தது. சடங்கு கீழே ஹாலில். சாப்பாடும் உட்காரும் இடமும் மொட்டை மாடிப் பந்தலில். பெண்ணின் கணவர் வெளிநாட்டில் இருந்தார். அவருக்கு நேரலை நிற்கக் கூடாது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அக்கா மகன் முதலில் சொன்ன யோசனை, "யார்கிட்டயும் பாஸ்வேர்டு சொல்ல வேணாம் மாமா."

"நாளைக்கு உங்க அத்தை வந்து கேட்டா என்னடா சொல்லுவ?" என்றேன். அவன் சிரித்துவிட்டான்.

பிளான் 50 எம்.பி.பி.எஸ். என்றாலும் அளந்து பார்த்ததில் டவுன்லோடு 48, அப்லோடு 46 கிடைத்தது. கணக்கெல்லாம் இந்த அளந்த எண்ணை வைத்துத்தான் போட வேண்டும். ஹாலில் இருந்த பெட்டி இணைப்பு நிறுவனம் கொடுத்தது. அதில் விருந்தினருக்கு இரண்டாவது வைஃபை பெயர் ஒன்றைத் திறக்க முடிந்தது, ஆனால் வேகத்துக்கு வரம்பு வைக்க இடமில்லை. நிறுவனங்கள் கொடுக்கும் பெட்டிகள் பலவும் இப்படித்தான். நீங்களே கடையில் வாங்கிய ரவுட்டராக இருந்தால் `Guest Network` என்ற பக்கத்திலேயே வேக வரம்பு இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே வேலை சுலபமாக முடிந்துவிடும்.

பரணில் ஒரு பழைய ரவுட்டர் கிடந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ளது, நூறு எம்.பி.பி.எஸ். போர்ட். அதை `Reset` பொத்தானை அழுத்திப் புதிது போலாக்கி, மாடிப் பந்தலில் வைத்து, ஹால் பெட்டியின் `LAN` போர்ட்டிலிருந்து ஒரு நீளமான கேபிளை இழுத்து அதன் `WAN` போர்ட்டில் செருகினோம். கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் தூரம் ஒரு பொருட்டல்ல. பழைய ரவுட்டர் மாடியிலேயே இருந்ததில் ஒரு பலன் உண்டு. விருந்தினர் போன்கள் அதற்குப் பக்கத்தில் இருப்பதால் வேகமாகப் பேசி முடித்துவிடும், காற்று சீக்கிரம் காலியாகும்.

இணைத்ததும் போனில் வைஃபை வந்தது, இணையம் வரவில்லை. இந்த இடத்தில் பலர் ரவுட்டர் கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். காரணம் எளியது: இரண்டு பெட்டிகளுக்கும் 192.168.1.1 என்று ஒரே முகவரி. மாடி ரவுட்டரின் முகவரியை 192.168.50.1 என்று மாற்றியதும் இணையம் வந்துவிட்டது. பிறகு சேனலைப் பார்த்தோம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். ஹாலுக்கு 1, மாடிக்கு 11 என்று நிலையாக வைத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினோம். வீட்டாரின் போன்கள் ஹால் பெட்டியின் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தன. நேரலை விடும் லேப்டாப்பை வைஃபையிலேயே விடாமல் ஹால் பெட்டியில் கேபிளால் செருகினோம். மாடியில் காற்று எவ்வளவு நெரிசலானாலும் இனி அது லேப்டாப்பைத் தொடாது.

மொய் எழுதும் மேசையில் யு.பி.ஐ. பணம் வந்ததைச் சொல்லும் போனையும் வீட்டு வைஃபையில்தான் வைத்தோம். அதற்குத் தேவைப்படும் தகவல் மிகச் சொற்பம், ஆனால் காத்திருக்க வைக்கக் கூடாதது.

எவ்வளவு விடலாம்?

வரம்பை இரண்டு விதமாக வைக்கலாம்: ஆளுக்கு இவ்வளவு என்று, அல்லது விருந்தினர் எல்லோருக்கும் சேர்த்து இவ்வளவு என்று. ஆளுக்கு 2 எம்.பி.பி.எஸ். என்பது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் முப்பது பேர் சேர்ந்தால் 60 ஆகிவிடும், இணைப்பே 46-தான். ஆகவே இணைப்பைக் காப்பாற்றுவது மொத்த வரம்புதான். ஆள்வாரி வரம்பு விருந்தினருக்குள்ளே ஒருவர் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். இரண்டும் வைக்க முடிந்தால் நல்லது, ஒன்றுதான் முடியும் என்றால் மொத்த வரம்பை வையுங்கள்.

நாங்கள் வைத்தது டவுன்லோடு 30, அப்லோடு 20. அப்லோடில் வீட்டாருக்கு 26 மிச்சம். நேரலைக்கு 6 போனாலும் தாராளமாக இடம் இருக்கிறது. முன்பு சொன்ன அந்த 15,000 எம்.பி. இப்போது ஏற 100 நிமிடம் ஆகும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பவர் தன் போன் பேக்கப் மெதுவாக நடப்பதைக் கவனிக்கப் போவதில்லை. வரிசை இப்போதும் உருவாகும், ஆனால் அது மாடி ரவுட்டருக்குள் உருவாகும். ஹாலிலிருந்து வெளியே போகும் பாதை நிரம்பாததால் நேரலை காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த ரவுட்டரில் இதற்கான பக்கத்தின் பெயர் `Bandwidth Control`. அதில் `Egress` என்பது அப்லோடு, `Ingress` என்பது டவுன்லோடு. மாடி ரவுட்டர் போன்களுக்குக் கொடுக்கும் முகவரிகள் 192.168.50.100 முதல் 192.168.50.199 வரை. அந்த வரம்பு முழுவதற்கும் சேர்த்து ஒரே விதி எழுதினோம். இங்கே அலகைப் பார்த்து எழுத வேண்டும். கட்டத்துக்குப் பக்கத்தில் `Kbps` என்றிருந்தால் 20 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு 20000 என்று போட வேண்டும். `KB/s` என்றிருந்தால் அது பைட் கணக்கு. 2500 போட வேண்டும். வெறும் 20 என்று போட்டுச் சேமித்தால் ஒரு படம்கூடப் போகாது.

விதியைச் சேமித்த பிறகு திரும்பவும் சோதனை. மாடி வைஃபையில் நாலைந்து போன்களிலிருந்து ஒரே நேரத்தில் வீடியோ ஏற்றிவிட்டு, கீழே லேப்டாப்பில் 8.8.8.8-க்கான எண்ணைப் பார்த்தோம். வரம்பு வைப்பதற்கு முன் நூறுகளில் எகிறிய எண் இப்போது அமைதியான வீட்டில் இருந்ததற்குப் பக்கத்திலேயே நின்றது. அது அப்படி நிற்காவிட்டால் அப்லோடு வரம்பை 20-லிருந்து 15 ஆக்கி மறுபடி பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள் எட்டிப்பார்க்காமல் இருக்க

பழைய ரவுட்டரை இப்படி வைக்கும்போது ஒரு ஓட்டை உண்டு. மாடி வைஃபையில் இருப்பவர் மேல்நோக்கி, அதாவது 192.168.1 என்று தொடங்கும் வீட்டு முகவரிகளை எட்ட முடியும். சிசிடிவி பெட்டி, பிரின்டர், ஹால் பெட்டியின் அமைப்புப் பக்கம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. விருந்தினர் யாரும் வேண்டுமென்று நோண்டப் போவதில்லை என்றாலும், வைரஸ் புகுந்த ஒரு போன் போதும். மாடி ரவுட்டரின் `Access Control` பக்கத்தில் அந்த முகவரிகளுக்குப் போகும் வழியை அடைக்கலாம். அந்த வசதி இல்லாவிட்டால் ஹால் பெட்டிக்கும் சிசிடிவிக்கும் தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். `AP Isolation` என்ற கட்டத்தையும் டிக் செய்துவிட்டால் விருந்தினர் போன்கள் ஒன்றையொன்று பார்க்காது. கடையில் வாங்கிய ரவுட்டரின் `Guest Network`-இல் இந்த வேலை தயாராகவே இருக்கும். `Allow guests to access my local network` போன்ற கட்டங்கள் டிக் இல்லாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வரம்பு நாம் வைக்காமலே இருக்கிறது. வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் ஒரே நேரத்தில் 32 கருவிகள் போன்ற உச்ச எண் உண்டு. அதைத் தாண்டி வரும் போன் பெயரைக் காட்டும், பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் சேராது. போனில் `Obtaining IP address…` என்றே நின்றால் கோளாறு வேறு: கொடுக்க முகவரி தீர்ந்துவிட்டது. முகவரியை ஒரு போனுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பது `Lease Time` என்ற கட்டத்தில் இருக்கும். அது வழக்கமாக ஒரு நாளாக, 1440 நிமிடமாக, இருக்கும். காலையில் வந்து போனவரின் முகவரி மாலை வருபவருக்குக் கிடைக்க வேண்டுமென்றால் அதை 120 ஆக்குங்கள்.

பாஸ்வேர்டைக் கத்திச் சொல்ல வேண்டாம்

விருந்தினர் வைஃபைக்கு எளிய பாஸ்வேர்டு போதும், ஆனால் எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. பூஜ்ஜியமும் ஆங்கில ஓவும் குழப்பும், அவை வேண்டாம். கியூ.ஆர். குறியாக அச்சடித்து வைத்தால் இன்னும் வசதி. கியூ.ஆர். உருவாக்கும் எந்தச் செயலியிலும் இந்த வடிவத்தில் உங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் போதும்:

```
WIFI:T:WPA;S:Valaikappu;P:laddu2468;;
```

`S:` என்பதற்குப் பின் வருவது வைஃபையின் பெயர், `P:` என்பதற்குப் பின் வருவது பாஸ்வேர்டு. கடைசியில் இரண்டு அரைப்புள்ளிகளும் இருக்க வேண்டும். இதை ஏ4 தாளில் அச்சடித்து, வாசலில் சந்தனம், குங்குமம் வைக்கும் மேசையிலும் மாடிப் படி ஏறும் இடத்திலும் ஒட்டினோம். கேமராவைக் காட்டினால் போன் தானாகச் சேர்ந்துகொள்ளும். பெரியவர்களுக்கு அதைச் செய்துகொடுக்கப் பக்கத்திலேயே ஒரு பையனை நிறுத்தியிருந்தோம். வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு யாருக்கும் போகவில்லை என்பதால் விசேஷம் முடிந்த பிறகு வீட்டு டிவி, கேமரா, போன் ஒவ்வொன்றிலும் அதை மாற்றிக்கொண்டிருக்கும் வேலையும் இல்லை.

கடைசி விருந்தினர் கிளம்பிய அன்றே அந்த வைஃபையை அணைத்துவிட வேண்டும். சில ரவுட்டர்களில் 4 மணி நேரம், 8 மணி நேரம் என்று காலக்கெடு வைக்கும் வசதி உண்டு, நேரம் ஆனதும் தானாக மூடிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் கையால் அணையுங்கள். ஒருமுறை சேர்ந்த போன் பெயரையும் பாஸ்வேர்டையும் மறக்காது. அணைக்காமல் விட்டால் தெருவில் போகிறபோதுகூட வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால், அதில் யார் எது செய்தாலும் முதலில் கேள்வி வருவது உங்களிடம்தான். மாடி ரவுட்டரைப் பரணுக்கு அனுப்பும் முன் அதன் முகவரி, சேனல், வேக வரம்பு மூன்றையும் ஒரு தாளில் எழுதி அதன் அடியிலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த விசேஷத்துக்கு கேபிளைச் செருகி, பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றி, ஒரு முறை சோதித்துப் பார்த்தால் போதும்.